எந்தத் தோட்டம் என்று எழுது

கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் என் அம்மா முதலில் நாளைப் பார்ப்பார். அடுத்து மண்டபம் எங்கே என்று பார்ப்பார். அதன் பிறகு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பிஸ்கட் டின்னை இறக்கச் சொல்வார். எங்கள் வீட்டு மொய் நோட்டுகள் அந்த டின்னுக்குள் இருக்கின்றன. நோட்டைப் பார்க்காமல் கவரை ஒட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் தொடங்கிய குடும்பம் எங்களுடையது. பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே, பழைய பெருஞ்சாலையை ஒட்டிய சின்ன ஊர் சுங்காய். சுற்றிலும் இருந்த பால்மரங்கள் போய் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்கள் இருந்த பல இடங்களில் ஒரு கிணறோ ஒரு மாரியம்மன் கோயிலோதான் மிச்சம். அங்கே யார் யார் வாழ்ந்தார்கள், யாருக்கு யார் வேண்டியவர்கள் என்பதற்கு என் கைக்கு எட்டிய தாள்களில் மிக விரிவானவை இந்த நோட்டுகள்தாம். இந்தக் கட்டுரைக்காக அவற்றை வரி வரியாகப் படித்தேன்.

பழைய நோட்டு கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. மூலைகளில் தடவிய மஞ்சள் காய்ந்து பழுப்பாகிவிட்டது. முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே முதல் வரி தோட்டத்து மாரியம்மனுக்கு. இரண்டாவது வரி தாய்மாமன். அதற்குப் பிறகு வந்தவர் வந்த வரிசைதான். அந்தஸ்து, உறவு, வயது எதையும் நோட்டு பார்ப்பதில்லை. பந்தியில் முதலில் எழுந்து கை கழுவியவர் பெயர் முதலில் ஏறுகிறது.

ஒரு வரியில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: பெயர், அப்பா பெயர் அல்லது அடையாளம், தோட்டம், தொகை. தொகைக்கு வலப்புறம் ஒரு விரற்கடை அகலத்துக்கு இடம் சும்மா விடப்பட்டிருக்கிறது. நோட்டின் உயிர் அந்த வெற்றிடத்தில்தான். திருப்பிச் செய்த பிறகு அதில் பென்சிலால் ஒரு குறி விழும். சில வரிகளில் ‘செய்தாச்சு’ என்ற சொல்லும் மாதமும் வருடமும் இருக்கும். குறி விழாத வரி இன்னும் நம் தலையில் இருக்கிறது என்று பொருள்.

பெயருக்குப் பக்கத்தில் வரும் அடையாளங்களைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டிகள், நான்கு மாரியம்மாக்கள் இருந்தார்கள். அதனால் ‘லோரி முனியாண்டி’, ‘மேட்டு லயம்’, ‘ஆயாக்கொட்டாய் மாரியம்மா’, ‘கிராணி வீட்டுக்கு எதிர்வீடு’ என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு இது போதும். கேட்டவுடன் ஆள் முகம் தெரிந்துவிடும். இந்த அடையாளங்கள் எல்லாம் எழுதுகிறவரின் கண் முன்னால் அந்தத் தோட்டம் இருக்கும் வரைக்கும்தான் செல்லுபடியாகும் என்பதை அன்றைக்கு யாரும் நினைத்திருக்கத் தேவையில்லை.

‘மொய்’ என்ற சொல்லுக்குத் திரளுதல், சூழ்ந்து நெருங்குதல் என்று பொருள். ஈ மொய்க்கிறது, கூட்டம் மொய்க்கிறது என்கிறோமே, அதே சொல். பணம் என்ற பொருள் அதற்குள் இல்லை; ஆள் கூடுவதுதான் இருக்கிறது. ஒருவருக்குச் செலவு வரும்போது பலர் கூடி நிற்பதுதான் முதல் பொருள், கொடுத்த காசு அதன் தடயம். தமிழ்நாட்டில் மதுரைப் பக்கம் இதையே ‘செய்முறை’ என்பார்கள். அந்தச் சொல்லில் முறை இருக்கிறது: நீ எனக்கு, பிறகு நான் உனக்கு.

தமிழ்நாட்டு நோட்டுகளில் பெயருக்கு முன்னால் ஊர் பெயர் வரும். எந்த ஊர், யார் மகன் என்று கேட்டுத்தான் எழுதுவார்கள். இங்கே மலாயாவுக்கு வந்த முதல் தலைமுறையும் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். கங்காணி முறையில் ஆள் திரட்டியபோது, கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும்தான் பெரும்பாலும் ஆட்களை அழைத்து வந்தார். 1938ல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியோடு ஆள் அனுப்புவதைத் தடை செய்த பிறகு அந்த ஓட்டம் நின்றது. எங்கள் வீட்டு நோட்டுகளில் ஊர்ப் பெயர் ஓரிரண்டு வரிகளில்தான் இருக்கிறது. மற்ற எல்லா வரிகளிலும் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் தோட்டம் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாற்றத்தை எந்தக் கூட்டத்திலும் யாரும் தீர்மானம் போட்டுச் செய்யவில்லை. ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது நோட்டும் அப்படியே எழுதிக்கொண்டது.

இன்னொரு வேறுபாடு கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்று எந்தச் சடங்கும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே கறிச்சோறு போட்டு நடத்துவது அது. அங்கே பணம் கையிலிருந்து கைக்கு வெளிப்படையாகப் போகிறது. வாங்குகிறவர் எண்ணுகிறார், பக்கத்தில் இருப்பவர் எழுதுகிறார், கொடுத்தவர் தன் வரியைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். கொடுத்தவரே சாட்சியாக நிற்பதால் பிழை அப்போதே திருத்தப்பட்டுவிடும்.

எங்கள் தோட்டத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று பெரியம்மா சொல்வார். லயத்து வாசலில் பந்தல் போட்டு, மூலையில் ஒரு மேசை, மேசையில் ஒரு தாம்பாளம். கொடுப்பவர் தாம்பாளத்தில் போடுவார், எழுதுகிறவர் தொகையை வாய்விட்டுச் சொல்லி எழுதுவார். பிறகு கவர் வந்தது. சீனர் வீட்டு விருந்தில் சிவப்பு அங்பாவ் உறை. மலாய்க்காரர் கெண்டூரியில் விடைபெறும்போது கைகுலுக்கலோடு கைக்குள் வைத்துவிடும் பணம். இரண்டிலும் தொகை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. இந்த அக்கம்பக்கத்தில் வாழ்ந்த நாங்களும் கவருக்கு மாறினோம். குறைவாகக் கொடுப்பவர் நாலு பேர் முன்னால் கூச வேண்டியதில்லை என்பதால் நான் அந்த மாற்றத்தை நல்லதென்றே நினைக்கிறேன். ஆனால் கணக்கு எழுதும் வேலை அதனால் இரண்டாக உடைந்தது. பெயர் பகலில், தொகை இரவில்.

இரவு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும், பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. விருந்தாளிகள் போன பிறகு, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நான்கு பேர் உட்காருவார்கள். ஒருவர் கவரைக் கிழிப்பார், ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் எழுதுவார், நான்காமவர் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் நான்காமவர் எப்போதும் பெண் வீட்டுக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ நேராகச் சொந்தமில்லாத ஒருவர். பிறகு யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. கவரைக் கிழித்தவர் பெயரைப் படிக்கிறார், எண்ணியவர் தொகையைச் சொல்கிறார், எழுதுகிறவர் இரண்டையும் திருப்பிச் சொல்லி எழுதுகிறார், அதே வரிசை எண்ணைக் கவரின் மூலையிலும் போடுகிறார். இருபது வரி ஆனதும் பக்கம் முடியும். அந்தப் பக்கத்தைக் கூட்டி, அந்த இருபது கவரிலிருந்து வந்த பணத்தை எண்ணி, இரண்டும் சரியாக இருந்தால் பணத்தை ரப்பர் பேண்டு போட்டுத் தனியாக வைப்பார்கள். சரியில்லை என்றால் இருபது கவரைத் திரும்பப் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் கொட்டிக் கலைக்க வேண்டியதில்லை. பக்கம் பக்கமாகக் கூட்டாமல் கடைசியில் ஒரே கூட்டாகப் போட்ட ஒரு விசேஷத்தில், ஐம்பது வெள்ளி குறைந்ததற்கு விடியும் வரை தேடியது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கவருக்குள் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த நோட்டு. கிழித்த கவர்களைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால் கிடைத்தது. அன்றிலிருந்து கவர்களை ஒரு மாதம் வரை கட்டி வைக்கிறோம்.

பெயரில்லாத கவர் ஒவ்வொரு விசேஷத்திலும் ஒன்றிரண்டு வரும். அதைப் ‘பெயர் இல்லை’ என்று எழுதி, கவரின் நிறத்தையும் கையெழுத்து இருந்தால் அதையும் குறித்து வைப்பது வழக்கம். பிறகு வந்தவர்களை நினைவுபடுத்தி, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்த்துக் கழித்துக் கழித்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள். பகலில் மேசையில் பெயர் மட்டுமாவது எழுதி வைத்திருந்தால்தான் இந்தக் கழித்தல் நடக்கும். மேசையே போடாமல் ஒரு பெட்டியை வைத்து அதற்குள் கவரைப் போடச் சொல்லும் இன்றைய மண்டப வழக்கத்தில் அந்தப் பிடியும் போய்விடுகிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மொய்யை, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நோட்டைப் படித்தால் அப்படி ஒரு இடத்தில்கூட முடியவில்லை. ஒரு வீட்டோடு எங்களுக்குள்ள போக்குவரத்தை அப்படியே எடுத்து வைக்கிறேன்.

2013ல் எங்கள் வீட்டுச் சடங்குக்கு அவர்கள் 51 வெள்ளி செய்தார்கள். 2017ல் அவர்கள் புதுமனை புகுந்தபோது நாங்கள் 101 செய்தோம். அந்த 101ல் 51 அவர்கள் ஏற்கெனவே செய்ததற்கு. மீதி 50 நாங்கள் புதிதாகப் போட்டது. 2019ல் எங்கள் வீட்டுக் கல்யாணம். அவர்கள் 151 வைத்தார்கள். அதில் 50 எங்கள் பழைய புதியதற்கு. மீதி 101 அவர்களுடைய புதியது. ஆக அப்போது எங்கள் தலையில் இருந்தது 101. 2025ல் அவர்கள் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தபோது அம்மா நோட்டைப் பார்த்து 201 வைக்கச் சொன்னார். 101 பழையது, 100 புதியது.

எதிர்பார்க்கும் கணக்கு 101 மட்டும்தானே, அதையே வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். ‘கணக்க முடிச்சுக்கப் போறியா? அவங்க நமக்கு என்ன கொறை வெச்சாங்க?’ என்றார். சரியாக வாங்கிய தொகையைத் திருப்பி வைப்பது தவறில்லை, ஆனால் அது நடையை முடித்துக்கொள்வது. இரண்டு வீட்டிலும் எந்தப் பாக்கியும் இல்லையென்றால், அடுத்த பத்திரிகைக்கு யாரும் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டிய அவசியமில்லை. 51, 101 என்று ஒன்றைக் கூட்டி வைப்பதையும் பெரியவர்கள் இதே மாதிரிதான் விளக்குவார்கள்: பூஜ்யத்தில் முடித்தால் முடிந்ததாகிவிடும். பொன்னிற ஒரு வெள்ளி நாணயம் 2005 டிசம்பர் 7 முதல் செல்லாமல் போனது. அதற்குப் பிறகு கல்யாண நாளன்று காலையில் நீல நிற ஒரு வெள்ளித் தாள் தேடி ஒவ்வொரு வீட்டிலும் பர்ஸைக் கொட்டுவது வழக்கமாகிவிட்டது.

கொடுத்ததற்கும் திரும்பச் செய்வதற்கும் நடுவே காலம் கழிய வேண்டும் என்பதும் இதில் அடங்கும். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு இதை அழுத்திச் சொன்னவர்: வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்தால் அது வாங்க மறுத்ததற்குச் சமம். அவருக்கு முன்னால் மார்செல் மோஸ், 1925ல் வெளிவந்த தன் கட்டுரையில், கொடுப்பது, பெறுவது, திருப்பிச் செய்வது மூன்றும் கடமைகளே என்று காட்டினார். மொய் நோட்டில் இந்த இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் அவர்கள் பேசாத ஒரு சிக்கலும் அதில் இருக்கிறது. காலம் கழியும்போது காசு இளைக்கிறது.

மேலே சொன்ன கணக்கையே கூலியை வைத்துப் பார்க்கிறேன். தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013 ஜனவரியில் 900 வெள்ளி. 2019ல் 1,100. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. தோட்டக் கூலியும் தொழிற்சாலைக் கூலியும் இதை ஒட்டியே நகர்வதால் எங்களைப் போன்ற வீடுகளுக்கு இது நல்ல அளவுகோல். 2019ல் அவர்கள் புதிதாகப் போட்ட 101 வெள்ளி, அன்றைய மாதச் சம்பளத்தில் பதினோரு பங்கில் ஒன்று. அதே பங்கை 2025 சம்பளத்தில் எடுத்தால் ஏறக்குறைய 156 வெள்ளி வருகிறது. அதாவது 101ஐ அப்படியே திருப்பி வைத்திருந்தால், அவர்கள் அன்று வைத்த உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பியிருப்போம். நாங்கள் வைத்த 201ல் 156 பழையதை ஈடு செய்யவே போய்விட்டது. நோட்டில் 100 என்று தெரியும் புதியது, உண்மையில் 45 தான். அம்மா இந்தக் கணக்கைப் போடவில்லை. ஆனால் ‘இப்ப நூத்தியொண்ணு வெச்சா அது ஐம்பத்தொண்ணு மாதிரிதான்’ என்று சொன்னார். 2013ன் 51 வெள்ளியை 2025 சம்பளத்துக்கு மாற்றினால் 96 வெள்ளி சொச்சம். அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி.

பழைய வரிகளில் இது இன்னும் கடினம். நோட்டின் முற்பகுதியில் இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி, ஐந்து வெள்ளி என்றே ஓடுகிறது. பால் வெட்டுபவரின் நாட்கூலியே சில வெள்ளிகளாக இருந்த காலத்துத் தொகைகள் அவை. ஐந்து வெள்ளி வைத்தவர் அன்றைக்கு ஒரு நாளுக்கும் மேலான உழைப்பை வைத்திருக்கலாம். அந்த வரிக்கு இன்று ஐந்து வெள்ளியைத் திருப்பிச் செய்ய யாருக்கும் மனம் வராது. இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் சட்டத்தில் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் ஓடிய வாழைமரத் தாள்கள் 1945ல் வெறும் தாளாகிவிட்டன. அந்தக் காலத்தில் வாங்கிய, அடைத்த கடன்களை எப்படி மதிப்பது என்று 1948ல் மலாயாவில் ஒரு சட்டம் கொண்டுவந்து, மாதவாரியாகத் தாளின் மதிப்புக்கு அட்டவணை போட்டார்கள். மொய்க்கு அப்படி அட்டவணை கிடையாது. கவரை ஒட்டும் கை ஒவ்வொரு தடவையும் அந்த அட்டவணையை மனசுக்குள் போட்டுக்கொள்கிறது.

கடன் என்பது எங்களுக்குப் புதிதில்லை. தோட்டத்துக் கடையில் 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருந்தது. அரிசி, மீன், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பளத்தன்று அடையும். கூட்டும் இருந்தது: பத்துப் பேர் மாதா மாதம் பணம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. மலாய்க்காரர்கள் ‘கூத்து’ என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சொல் இந்த நாட்டில் வேரூன்றியது. அதைத் தொழிலாக நடத்தி மோசடி செய்தவர்களால் 1971ல் அதற்குத் தடைச் சட்டமே வந்தது. மொய்யை எந்தச் சட்டமும் தொடவில்லை. நடத்துகிறவர் யாரும் இல்லை, தவணை இல்லை, வட்டி இல்லை, ஒப்பந்தம் இல்லை. சாதாரணக் கடனை மலேசியச் சட்டப்படி ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட்டு வாங்கியாக வேண்டும், அதன் பிறகு காலாவதி. மொய் நோட்டில் முப்பது வருடத்துக்கு முந்திய வரியும் காலாவதி ஆகவில்லை. அதே சமயம், அந்த வரியைக் காட்டி யாரும் யாரிடமும் ஒரு காசு கேட்க முடியாது. கேட்டவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. கேட்பது செய்யாமல் விடுவதைவிடக் கேவலம் என்று கருதப்படுகிறது. செய்யாமல் விட்ட வீட்டுக்கு அடுத்த பத்திரிகை நேரில் போகாது, தபாலில் போகும். அவ்வளவுதான் தண்டனை.

இந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்றால், தோட்டம் கலைந்த இடத்தில். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றது 1950களிலேயே தொடங்கிவிட்டது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960ல் தொழிலாளர்களிடம் பங்கு திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு செம்பனை வந்தது. பால்மரத்துக்குத் தேவைப்பட்ட அத்தனை கை அதற்குத் தேவையில்லை. குடும்பங்கள் தாப்பாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் ஈப்போவுக்கும் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் போயின. லயத்து வீடு காலியானதும் ‘மேட்டு லயம், மூன்றாவது வீடு’ என்ற முகவரி எங்கேயும் இல்லாததாகிவிட்டது. எங்கள் நோட்டில் குறி விழாத வரிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை, தோட்டம் கலைவதற்கு முந்திய ஓரிரு வருடங்களில் நடந்த விசேஷங்களில் வந்தவை. வாங்கியாயிற்று, திருப்பிச் செய்வதற்குள் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

ஆள் கலைந்ததோடு குடும்பமும் பிரிந்தது. மொய் செய்வது தனி ஆள் அல்ல, அடுப்பு. ஒரே அடுப்பில் சமைத்தவரை அப்பா பெயரில் ஒரு கவர். மூன்று பையன்களும் மூன்று தாமானுக்குப் போன பிறகு அப்பா வாங்கிய மொய்யை யார் செய்வது? எங்கள் வீட்டில் அப்பாவின் சகோதரர்கள் இதைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். யார் கல்யாணத்துக்கு வந்த மொய்யோ, அந்தப் பக்கத்தை அவர் எடுத்துக்கொள்வது. தாத்தா காலத்துப் பொது விசேஷங்கள் மூத்தவருக்கு. நோட்டைக் கிழிக்க யாருக்கும் மனம் வராததால் ஒவ்வொருவரும் தங்கள் பக்கங்களைக் கையால் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்தப் படியெடுப்பில்தான் சில அடையாளங்கள் உதிர்ந்தன. ‘லோரி முனியாண்டி’ என்பது சித்தப்பா நோட்டில் வெறும் முனியாண்டி ஆகிவிட்டது. லோரி ஓட்டியவர் யாரென்று அவருக்குத் தெரியும், எழுதத் தேவையில்லை என்று நினைத்தார். சித்தப்பா இறந்த பிறகு அவர் பிள்ளைகள் அந்த வரியைக் கொண்டுவந்து எங்கள் நோட்டோடு வைத்துப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது மண்டப வாசலில் கவர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் டூயிட்நவ் கியூஆர் அட்டை நிற்கிறது. கைத்தொலைபேசியைக் காட்டினால் பணம் போய்விடும். தொகையும் நேரமும் தானாகப் பதிவாகும், இரவில் பாய் விரிக்க வேண்டாம். கணக்குச் சுத்தத்தில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை அச்செடுத்து நோட்டில் ஏற்ற உட்கார்ந்தபோது நான் திணறிப்போனேன். அதில் வருவது அடையாள அட்டைப் பெயர், நடுவில் A/L அல்லது A/P போட்டு. நாங்கள் நாற்பது வருடமாக ஒரு பெயரில் கூப்பிட்ட மாமாவுக்கு அட்டையில் வேறு பெயர். பணம் அனுப்பியது மருமகள், அது யார் வீட்டுக் கணக்கு என்று பெயரில் தெரியவில்லை. பையன் அனுப்பியிருந்தால் அது அப்பாவின் மொய்யா, அவனுடைய தனி மொய்யா? அனுப்புகிறவர் குறிப்பு எழுதும் கட்டத்தில் பலர் எதுவும் எழுதுவதில்லை, எழுதினால் ‘வாழ்த்துகள்’ என்று எழுதுகிறார்கள். சொந்தத்தில் யார் விசேஷம் வைத்தாலும் நான் இப்போது சொல்வது ஒன்றுதான்: அந்த அட்டையின் மேல், குறிப்புக் கட்டத்தில் குடும்பத் தலைவர் பெயரும் பழைய தோட்டத்தின் பெயரும் எழுதுங்கள் என்று ஒரு வரி ஒட்டி வையுங்கள்.

பழைய தோட்டத்தின் பெயரை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். தாமான் மாறுகிறது, கைத்தொலைபேசி எண் மாறுகிறது. அந்தத் தோட்டத்தில் ஒரு பால்மரம்கூட இல்லாவிட்டாலும் ‘எந்தத் தோட்டத்து ஆள்’ என்ற கேள்விக்கு எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருடத்துக்கு ஒரு முறை பல ஊரிலிருந்தும் வந்து கூடுகிறவர்களிடம் விசாரித்து, குறி விழாத வரிகளில் சிலவற்றை அம்மாவும் நானும் தீர்த்திருக்கிறோம். ஒரு அக்கா ரவாங்கிலிருந்து வந்திருந்தார். அவருடைய அப்பா வைத்த ஐந்து வெள்ளி எங்கள் நோட்டில் இருக்கிறது என்று அம்மா சொன்னதும், ‘அப்பா கையால எழுதினதா?’ என்று கேட்டார். இல்லை, எங்கள் தாத்தா எழுதியது என்றோம். பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். அவர் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். எவ்வளவு வைப்பது என்று அந்த முறை அம்மா நோட்டைப் பார்க்கவில்லை.

சென்ற வருடம் புது நோட்டு போட்டோம். பழைய நோட்டிலிருந்து குறி விழாத வரிகளை மட்டும் அதன் கடைசிப் பக்கங்களுக்கு நான் மாற்றி எழுதினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னார். ஒரு வரியில் பெயர் இருந்த இடம் நீர் பட்டு அழிந்துவிட்டது. ‘பழைய லயம், கடைசி வீடு, 3 வெள்ளி’ என்பது மட்டும் படிக்க முடிந்தது. இதை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அம்மா தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.